பரோட்டாக் கடையிலும் பூ மார்க்கெட்டிலும் படம் எடுக்கப் போகிறீர்களா? யாரிடம், எப்போது கேட்பது

மதுரையில் ஒரு ரோட்டோரப் பரோட்டாக் கடையில் கறி தோசை ஊற்றுவதைப் படம் எடுத்தேன். கடைக்காரரிடம் கேட்டேன், சரி என்றார். கல்லில் நின்ற மாஸ்டரிடமும் கேட்டேன், அவர் தலையைக் கூடச் சீவிக்கொண்டு வந்து நின்றார். படமும் நன்றாக வந்தது. இன்ஸ்டாகிராமில் போட்டேன். மூன்றாம் நாள் கடைக்காரர் போன் செய்து, "தம்பி, அந்தப் படத்த உடனே எடுத்துருங்க" என்றார். மாஸ்டருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார், முகம் தெளிவாகத் தெரிகிறது. அது புரட்டாசி மாதம். வீட்டில் எல்லோரும் விரதம், இவர் மட்டும் ராத்திரி கடைக்கு வந்து கறி தோசை சாப்பிட்டுப் போகிற ஆள். படத்தைச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி பார்த்து வீட்டில் காட்டிவிட்டாள். அவர் கடைக்கு வந்து சத்தம் போட்டுவிட்டு, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று போய்விட்டார். "என்னையக் கேட்டீங்க, மாஸ்டரக் கேட்டீங்க, சாப்பிட்டவரக் கேட்டீங்களா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்கு முன்னும் பின்னும் இப்படி நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டுதான் கீழே இருப்பதைக் கற்றேன். நான் அதிகம் எடுப்பது மதுரையில், இரண்டே இடங்களில்: விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், ராத்திரியில் பரோட்டாக் கடைகள். புதிதாக போனையோ கேமராவையோ தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இந்த வரிசையிலேயே போனால் பாதித் திட்டு மிச்சமாகும்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன் வீட்டில் தொங்குகிற தினசரி காலண்டரில் முகூர்த்த நாள் எது என்று பாருங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் அங்கே ஒருவருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. மல்லிகை விலை ஏறிக்கொண்டே இருக்கும், ஆட்கள் மேல் ஆட்கள் விழுவார்கள், மூட்டை தூக்குகிறவர் "வழி, வழி" என்று கத்திக்கொண்டே உங்கள் முதுகில் இடித்துவிட்டுப் போவார். அந்த நெரிசல்தான் படத்துக்கு நல்லது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அன்று யாரிடமும் கேட்க முடியாது, கேட்காமல் எடுத்தால் கோபமும் சீக்கிரம் வரும். முதல் இரண்டு மூன்று தடவை சாதாரண வாரநாளில் போய் முகம் பழகிக்கொள்ளுங்கள், முகூர்த்த நாள் அப்புறம் தானாக வரும்.

நேரம்: விடியும் முன்பே போய்விட வேண்டும். மதுரை மல்லியை மொட்டாகத்தான் பறிப்பார்கள், சாயங்காலம்தான் விரியும். அதனால் காலையில் பறித்த மொட்டு வந்து இறங்கி, எடை போட்டு, மண்டியிலிருந்து சில்லறை வியாபாரிகள் கைக்கு மாறுவதெல்லாம் வெயில் ஏறுவதற்குள் வேகமாக நடக்கிறது. நான் ஐந்து மணிக்குப் போய் முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்திருப்பேன். ஏழு மணிக்கு மேல் முதல் அவசரம் அடங்கி, கடைக்காரர்கள் டீ குடிப்பார்கள். பேச்சு கொடுக்க அதுதான் நேரம்.

பரோட்டாக் கடைக்கு அப்படியே தலைகீழ். கூட்டம் வருவதற்கு முன் போக வேண்டும். ஆறு, ஆறரைக்கு மாஸ்டர் மாவை உருட்டி எண்ணெயில் ஊறவைத்திருப்பார், கல் காய்ந்துகொண்டிருக்கும், கடைக்காரர் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். எட்டரைக்குப் போய் நின்றுகொண்டு "அண்ணே, ஒரு போட்டோ" என்றால் வழியை மறைக்கிற ஆளாகத்தான் உங்களைப் பார்ப்பார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது: போணி. முதல் வியாபாரம் ஆவதற்கு முன் எந்தக் கடையிலும் கேமராவை நீட்டாதீர்கள். பூக்கார அம்மா ஒருவர் என்னை விரட்டியது இதற்காகத்தான். "இன்னும் போணியே ஆகல, அதுக்குள்ள படம் புடிக்க வந்துட்ட" என்றார். போணியை நீங்களே செய்துவிட்டால் பிரச்சினையே இல்லை. இரண்டு முழம் பூ வாங்குங்கள், பேரம் பேசாமல். அவர் அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது அதையும் படம் எடுக்கத் தோன்றும். வேண்டாம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

2. கையில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு ஆகும்

பெரிய லென்ஸ் வேண்டாம். தூரத்திலிருந்து இழுத்து எடுக்கிற லென்ஸைப் பார்த்தால் உளவு பார்ப்பதாகவே நினைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. போன் போதும், அல்லது 35, 50 மில்லிமீட்டர் போல பேசுகிற தூரத்தில் நின்று எடுக்கக்கூடிய சின்ன லென்ஸ். அடையாள அட்டை ஒன்று, பெயரும் போன் நம்பரும் அச்சடித்த சின்னக் கார்டு பத்துப் பதினைந்து, சில்லறையாக முந்நூறு ரூபாய், ஏற்கெனவே எடுத்த படங்கள் நாலைந்து பிரிண்டாக. கேட்கும்போது இந்த பிரிண்டுகள்தான் பேசும், வாயால் விளக்குவதை விட.

ஒரு சாயங்காலத்துக்கு எனக்கு ஆகும் செலவு சாப்பாட்டோடு இருநூறு ரூபாய் சுமார். பிறகு பிரிண்ட் போடுவது தனி. போஸ்ட்கார்டு அளவு ஒன்றுக்குப் பத்திலிருந்து இருபது ரூபாய்க்குள் ஸ்டூடியோக்களில் போட்டுக் கொடுக்கிறார்கள், ஊருக்கு ஊர் மாறும். இந்தப் பிரிண்ட் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், கடைசியில் சொல்கிறேன் ஏன் என்று.

அப்புறம், படம் எடுப்பதற்காகப் பணம் கொடுப்பது. நான் கொடுப்பதில்லை, பொருள் வாங்குகிறேன். ஆனால் ஒருவர் தானாகவே "படம் எடுத்தா என்ன குடுப்ப?" என்று கேட்டால், ஒன்று கொடுத்துவிட்டு எடுங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டு கேமராவை இறக்குங்கள். அவர் முகத்துக்கு அவரிடமே பேரம் பேசுவது ரொம்பக் கேவலமாக இருக்கும், ஒரு தடவை செய்திருக்கிறேன்.

3. கேட்பது: யாரிடம், எப்படி

கடையில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருப்பவர், வேலை செய்பவர், சாப்பிடுபவர். மூவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கல்லாவில் இருப்பவரிடம் முதலில். அவரைத் தாண்டி மாஸ்டரிடம் போய்ச் சிரித்துப் பேசினால், முதலாளிக்கு அது பிடிக்காது, மாஸ்டருக்குத்தான் திட்டு விழும். அதே சமயம் முதலாளி சரி என்றால் மாஸ்டரும் சரி என்றாகாது. சம்பளத்துக்கு நிற்கிறவர் முதலாளி முன்னால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது, அதனால் அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேளுங்கள்: "மாஸ்டர், உங்க முகம் விழலாமா, இல்ல கை மட்டும் எடுக்கட்டுமா?" இப்படி இரண்டு வழி கொடுத்துக் கேட்டால் வேண்டாதவர்கள் "கை மட்டும் எடுங்க" என்று தப்பித்துக்கொள்வார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதற்கு முன் "போட்டோ எடுக்கலாமா?" என்று மொட்டையாகக் கேட்பேன், ஆமாம் என்பார்கள், படத்தில் முகம் இறுகிப்போய் இருக்கும்.

சட்டை இல்லாமல் பனியனோடு நிற்கிற மாஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்றால் போகட்டும். உங்களுக்கு வியர்வையும் பனியனும்தான் அழகாகத் தெரியும். அவருக்குத் தன் மகளின் பள்ளிக்கூடத்தில் யாராவது பார்ப்பார்களே என்றிருக்கும்.

கடைக்காரர் எதற்குத் தயங்குகிறார் என்று தெரிந்தால் கேட்பது சுலபம். பெரும்பாலும் வெட்கம் காரணமில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்திருக்கிறீர்களோ, மாநகராட்சி ஆளோ, நடைபாதையில் பெஞ்ச் போட்டதைப் படம் எடுத்துப் புகார் கொடுப்பீர்களோ என்பதுதான் சந்தேகம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி சாயம் கலந்திருக்கிறது என்று தமிழ்நாட்டில் தடை வந்த பிறகு, சாயம் போட்ட எதை விற்கிறவரும் கேமராவைக் கண்டால் ஒதுங்குகிறார். அது போக, ரீல்ஸ் எடுக்கிறேன் என்று வந்து, சாப்பிட்டுவிட்டு, "இங்கே சுத்தமே இல்லை" என்று போட்டுவிட்டுப் போனவர்களால் பட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அதனால் நான் முதலில் சாப்பிடுவேன், காசு கொடுப்பேன், பிறகு கார்டை நீட்டி, இன்ன ஊர், இன்ன வேலை, படம் எதற்கு என்று சொல்வேன். "சும்மாதான் எடுக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சும்மா ஒருவன் இந்தக் கூட்டத்தில் வந்து படம் எடுப்பான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். இன்ஸ்டாகிராமில் போடுவேன் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், முன்பு போட்டதைத் திறந்து காட்டுங்கள்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "ஒண்ணே ஒண்ணு அண்ணே" என்று கெஞ்சாதீர்கள். நான்கு நாள் கழித்து அதே கடையில் சாப்பிடப் போங்கள், கேமரா இல்லாமல். அவராகவே கேட்பார், கேட்காவிட்டாலும் பரோட்டா நன்றாகத்தானே இருந்தது.

4. கேட்டுவிட்டு எடுப்பதா, எடுத்துவிட்டுக் கேட்பதா

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடுகிறது, போஸ் கொடுக்கிறார்கள் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் அந்த போஸ் இரண்டு நிமிஷம்தான் இருக்கும். கேட்டு, சரி என்று வாங்கி, போஸ் கொடுக்கிற முதல் ஐந்தாறு படத்தை மரியாதையாக எடுத்து, அவருக்குக் காட்டிவிட்டு அங்கேயே நில்லுங்கள். அடுத்த பார்சல் வரும், "நாலு புரோட்டா, ஒரு கொத்து" என்று குரல் வரும், அவர் உங்களை மறந்துவிடுவார். நீங்கள் தேடிய படம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

எனக்கு நானே வைத்திருக்கும் கணக்கு இதுதான். ஒரு ஆளின் முகம்தான் படம் என்றால் முன்பே கேட்பேன், விதிவிலக்கு கிடையாது. பூக்குவியல், கல், சால்னா வாளி, கை என்றால் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை. மார்க்கெட்டின் நீளம் முழுக்கத் தெரிகிற அகலமான காட்சி, அதில் ஆட்கள் சின்னச் சின்னதாகத் தெரிகிறார்கள் என்றால் ஒவ்வொருவரிடமும் கேட்க முடியாது. அப்போது ஒளிந்து எடுக்காமல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் நின்று கேமராவைக் கண்ணுக்குத் தூக்கி எடுப்பேன். வேண்டாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவோ கையைக் காட்டவோ நேரம் கிடைக்கும். இடுப்பில் போனை வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்க்கிற மாதிரி எடுப்பதைத்தான் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

சில நேரம் ஒரு கணம் வந்துவிடும், கேட்க நேரமில்லை, எடுத்துவிட்டீர்கள். உடனே அவரிடம் போய்த் திரையைக் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள், போன் என்றால் குப்பைத்தொட்டிக் கோப்புறையிலிருந்தும். அந்தக் கோப்புறையில் பல நாள் இருக்கும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், பொதுத் தெருவில் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுக்க முன்அனுமதி வாங்க வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. ஆனால் கடைக்கு உள்ளே என்றால் அது அவர் இடம். ஒருவருடைய முகத்தை அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கு உபயோகிப்பது வேறு கதை. 1994இல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அந்தரங்க உரிமை மீறல் என்று சொல்லியிருக்கிறது. மார்க்கெட்டில் சட்டம் பேசி யாரும் ஜெயித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

5. பூ மார்க்கெட்டுக்குள்

கால் வைக்கும் இடம்தான் இங்கே முதல் விஷயம். பூவைத் தரையில் சாக்கு விரித்துக் கொட்டியிருப்பார்கள். நல்ல கோணத்துக்காகச் செருப்புக் காலோடு அதைத் தாண்டாதீர்கள், சாமிக்குப் போகிற பூ. அதே போல பூவைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்காதீர்கள். படத்துக்காக என் நண்பன் ஒருவன் ஒரு கை மொட்டை அள்ளி மூக்கருகே வைத்தான், அந்தக் கடை ஆத்தா, "மோந்து பாத்த பூவ எந்தச் சாமிக்கு ராசா போடுவேன்?" என்றார். சத்தமே போடவில்லை, அதுதான் வலித்தது. அந்த அளவு பூவை வாங்கிக்கொண்டு வந்தோம்.

தரை எப்போதும் ஈரம், வழுக்கும். தலைச்சுமைக்காரர் வரும்போது நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், தலையில் மூட்டையோடு அவரால் நிற்க முடியாது. எடை மெஷினில் ஓடுகிற எண், விலை எழுதிய துண்டுச்சீட்டு, பணம் எண்ணுகிற கை, இவற்றின் மேல் கேமராவைத் திருப்பாதீர்கள். கமிஷன் கடையில் விவசாயிக்கு என்ன விலை, வாங்குகிறவருக்கு என்ன விலை என்பது அவர்களுக்குள்ளே இருக்கிற கணக்கு, அது வெளியே போவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

உட்கார்ந்து பூக் கட்டுகிறவர்களை நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காதீர்கள். குத்தவைத்து உட்காருங்கள். அவர் கண் உயரத்துக்கு வந்தால் படமும் மாறும், அவர் பேச்சும் மாறும். பெண்களிடம் பேசும்போது பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி பேசுங்கள், குசுகுசுவென்று வேண்டாம். சில பெண்கள் பூ விற்கிற விஷயம் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் இருக்கும், காரணம் கேட்க வேண்டாம், நார் சுற்றுகிற விரலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு தொழில்நுட்ப விஷயம், இங்கே எல்லோருக்கும் தப்பாகிறது. வெள்ளை மொட்டு படம் முழுக்க நிறைந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள், +0.7 அளவுக்கு. ஆனால் இருட்டுக் கொட்டகையில் ஒரு பல்பின் கீழே குவியல் இருந்தால் அப்படியே எதிராக நடக்கும், பூ வெளுத்துப்போய் மொட்டே தெரியாது. அப்போது போன் திரையில் பூக்குவியலைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறையுங்கள். ஆள் முகமும் பூவும் சேர்ந்து வந்தால் முகத்தைத் தொடுங்கள், பூ கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். கறுத்த முகத்தை இன்னும் கறுப்பாக்கிப் பூவைக் காப்பாற்றிய படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன, ஒன்றைக்கூட அந்த ஆளிடம் காட்ட முடியவில்லை.

விளக்கு வைத்து, ஸ்டாண்ட் போட்டு, ஆளை நடக்க வைத்து எடுக்கப் போகிறீர்கள் என்றால் அது தனி வேலை, மார்க்கெட் நிர்வாக அலுவலகத்தில் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். மீனாட்சியம்மன் கோயில் பக்கம் பூக்கடைகளை எடுத்துவிட்டு அப்படியே கோயிலுக்குள் போகலாம் என்று நினைத்தால், 2018இலிருந்து உள்ளே போனும் கொண்டுபோக முடியாது, வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

6. பரோட்டாக் கல் முன்னால் ஒரு சாயங்காலம்

நான் எப்படிச் செய்கிறேன் என்று அப்படியே சொல்கிறேன். ஆறேகாலுக்குக் கடை. இரண்டு பரோட்டா, சால்னா. ஆறே முக்காலுக்குக் கேட்பது, பிரிண்ட் காட்டுவது. ஏழு வரை மாவு வீசுவது. ஏழரைக்கு மேல் கூட்டம் வரும், அப்போது கல்லை விட்டு விலகி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்க் கடை முழுவதும் தெரிகிற மாதிரி இரண்டு மூன்று. எட்டு மணிக்கு மூட்டை கட்டிவிடுவேன்.

எங்கே நிற்பது என்பதை மாஸ்டரிடமே கேளுங்கள். கல்லுக்கும் பரிமாறுகிறவர் நடக்கும் வழிக்கும் நடுவே நின்றீர்கள் என்றால் ஒருவர் கையில் சூடான சால்னா வாளி வரும். கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைக்கும்போது ஆவியும் எண்ணெயும் தெறிக்கும், லென்ஸும் போச்சு, சட்டையும் போச்சு. ஒரு கை நீளத்துக்கு மேலேயே நில்லுங்கள்.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். கொதிக்கிற எண்ணெய் பக்கத்தில் நிற்கிறவர் கண்ணில் திடீரென்று வெளிச்சம் அடிப்பது ஆபத்து. கடை வெளிச்சமே போதும், ஆனால் அதில் ஒரு சிக்கல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை 1/500 என்று வைத்து மாவு வீச்சை நிறுத்திப் பிடிக்கப் பார்த்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும், மாவு கொஞ்சம் கலங்கித் தெரியும், அது நன்றாகவே இருக்கும். போனிலும் ப்ரோ மோடில் இதை மாற்றலாம். முதல் படம் எடுத்ததும் பெரிதாக்கி வெள்ளைச் சுவரைப் பாருங்கள், பட்டை இருந்தால் அங்கே தெரிந்துவிடும். தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துவிட்டு மறுபடி போய், "அண்ணே, திரும்ப வீசுங்க" என்று நின்றவன் நான்.

அது இன்னொரு விஷயம்: திரும்பச் செய்யச் சொல்லாதீர்கள். கறி தோசையில் மாவு ஊற்றி, முட்டை ஊற்றி, கறியைப் பரப்பி, திருப்பிப் போடுகிற அந்த ஒரு நொடி தவறிவிட்டதா, அடுத்த ஆர்டர் வரும்வரை இருங்கள். அல்லது நீங்களே ஒன்று ஆர்டர் செய்யுங்கள்.

7. எடுக்கக் கூடாதவை

சாப்பிடுகிறவர் வாய். புரட்டாசிக்காரர் கதைக்குப் பிறகு பெஞ்சில் இருப்பவர்களை முதுகுப் பக்கமாகத்தான் எடுக்கிறேன், அல்லது இலையும் கையும். முகம் வேண்டுமென்றால் அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கேட்பேன், கையில் கவளத்தோடு இருப்பவரிடம் கேட்பதே அநாகரிகம். யார் யாரோடு வந்திருக்கிறார்கள், எந்த விரதத்தில் இருக்கிறார்கள், எந்த ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

டேபிள் துடைக்கிற, டம்ளர் கழுவுகிற சிறு பையன்கள். படம் உருக்கமாக இருக்கும், லைக்கும் வரும். அந்தப் படத்தால் அந்தப் பையனுக்கு என்ன ஆகும் என்று உங்களால் சொல்ல முடியாது. குழந்தைத் தொழிலாளி என்று உங்களுக்கு உண்மையாகவே கவலை இருந்தால் 1098க்கு போன் செய்யுங்கள், இன்ஸ்டாகிராம் எதற்கு? கடைக்காரர் வீட்டுக் குழந்தை கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினால் அப்பா அம்மாவிடம் கேட்டு எடுத்து, படத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

கழுவாத பாத்திரம், சாக்கடை ஓரம் என்று கடையைக் கேவலமாகக் காட்டுகிறவை. சுத்தமில்லை என்றால் சாப்பிடாமல் போகலாம், புகார் கொடுக்கலாம். சிரித்துப் பேசி உள்ளே போய் அதை எடுப்பது துரோகம்.

8. போடுவதற்கு முன்

எடுக்கச் சம்மதித்தவர் போடச் சம்மதித்ததாக அர்த்தம் இல்லை. எதைப் போடப் போகிறீர்களோ அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு நாள் பொறுத்து, பிறகு போடுங்கள். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவையுங்கள். கடை பெயரைப் போடலாமா என்பதையும் கேட்க வேண்டும். சிலருக்கு விளம்பரம், சிலருக்கு வம்பு. படத்தின் கீழே வருகிற கமெண்டுகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள். மாஸ்டரின் வியர்வையைப் பற்றி ஒருவன் கிண்டலாக எழுதினால் அதை அழிக்க வேண்டியது உங்கள் வேலை, ஏனென்றால் அந்த மாஸ்டரும் போன் வைத்திருக்கிறார், படிப்பார். எடுத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால், காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

படத்தை விற்கப் போகிறீர்கள், மெனு கார்டு, விளம்பரம், ஸ்டாக் தளம் என்று போகிறது என்றால் எழுத்தில் வாங்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தை நீட்டாதீர்கள், சொத்தை எழுதி வாங்குகிற மாதிரி பயப்படுவார்கள். நான் வைத்திருப்பது இவ்வளவுதான், தமிழில், அரைப் பக்கம்:

"(தேதி), (இடம்). என்னை (பெயர்) எடுத்த புகைப்படத்தை (எதற்கு, எவ்வளவு காலத்துக்கு) உபயோகிக்கச் சம்மதிக்கிறேன். இதற்காக (தொகை அல்லது பொருள்) பெற்றுக்கொண்டேன். அந்தப் புகைப்படத்தை எனக்குக் காட்டினார்கள். கையெழுத்து, போன் நம்பர். சாட்சி ஒருவர்."

இரண்டு பிரதி எழுதி ஒன்றை அவரிடமே கொடுங்கள். வாசித்துக் காட்டிவிட்டு, வியாபாரம் இல்லாத நேரத்தில் வாங்குங்கள். கடைக்காரர் கையெழுத்து மாஸ்டருக்குச் செல்லாது, மாஸ்டருடையது தனி. பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து.

9. பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள், ஒரு வாரத்துக்குள்

"அனுப்புறேண்ணே" என்று சொல்லிவிட்டு மறந்தவர்களால்தான் அடுத்து வருகிறவருக்குக் கதவு மூடுகிறது. ஸ்டூடியோவில் போட்டு, பின்பக்கம் தேதி எழுதி, கூட்டமில்லாத நேரத்தில் நேரில் கொடுங்கள். கடைக்காரருக்கு ஒன்று, மாஸ்டருக்கு ஒன்று, தனித்தனியாக. ஒரே படத்தைக் கொடுத்தால் அது கல்லாவுக்கு மேலே ஒட்டப்படும், மாஸ்டர் வீட்டுக்குப் போகாது.

ஒரு வாரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மாஸ்டர்கள் ஒரே கடையில் ரொம்ப நாள் இருப்பதில்லை. கறி தோசை எடுத்த அந்தக் கடைக்கு நான் ஒன்றரை மாதம் கழித்துத்தான் பிரிண்டோடு போனேன், கடைக்காரர் முகத்தில் விழிக்கத் தயங்கித் தயங்கி. கல்லில் வேறு ஆள் நின்றார். பழைய மாஸ்டர் திருமங்கலம் பக்கம் ஏதோ கடைக்குப் போய்விட்டாராம், எந்தக் கடை என்று யாருக்கும் தெரியவில்லை. தலை சீவிக்கொண்டு வந்து நின்ற அந்தப் படம் இன்னும் என் கேமராப் பையில்தான் இருக்கிறது.